வாலில் ஒரு சதவீதம்

பாலிஸ்டைரீன் மாதிரி ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினால் திரும்பி வரும் அறிக்கையில் மேடுபோல ஒரு வளைகோடும், அதன் கீழே மூன்று எண்களும் இருக்கும். இந்த அத்தியாயத்தில் பிரித்துப் பார்க்கப்போகும் அறிக்கையில் அவை இப்படி இருக்கின்றன:

```
Mn = 53,100 g/mol
Mw = 117,800 g/mol
Đ  = 2.22
```

முதலில் உறுத்துவது, ஒரே பொருளுக்கு இரண்டு மூலக்கூறு எடை எப்படி வந்தது என்பதுதான். ஒன்று மற்றொன்றைப்போல இரு மடங்குக்கும் மேல். இரண்டுமே சரி. இரண்டும் ஒரே வளைகோட்டிலிருந்து கணக்கிடப்பட்டவை. ஆனால் வளைகோட்டின் வலது ஓரத்தில், பென்சில் கோடு அளவுக்கு மெலிந்துபோன இடத்தில், கணக்கை எங்கே நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் மாறிவிடும். அது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், அந்த மேடு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டைரீன் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே எடை, 104. அவற்றைக் கோத்துச் செய்த பாலிஸ்டைரீன் சங்கிலிகள் அப்படி இல்லை. சூடாக்கிய ஸ்டைரீனில் ஒரு தொடக்கி உடைந்து தனி எலக்ட்ரான் உள்ள ஒரு துணுக்கு உண்டாகிறது. அது ஒரு ஸ்டைரீனைப் பிடிக்கிறது, அடுத்ததைப் பிடிக்கிறது, மளமளவென்று வளர்கிறது. இன்னொரு வளரும் சங்கிலியோடு மோதும்போது இரண்டின் வளர்ச்சியும் முடிந்துவிடுகிறது. அந்த மோதல் எப்போது நடக்கும் என்பது தற்செயல். ஐம்பது அலகிலேயே முடிந்த சங்கிலியும் உண்டு, ஐயாயிரம் அலகு வரை தப்பிப் பிழைத்ததும் உண்டு. ஆகவே பாலிமரின் மூலக்கூறு எடை என்று ஒற்றை எண் கிடையாது. உள்ளது ஒரு பரவல். அதிலிருந்து நமக்கு வேண்டிய சராசரியைக் கணக்கிட்டுக்கொள்கிறோம்.

சராசரியை இரண்டு விதமாக எடுக்கலாம். ஒரு சிறு கலவையை எடுத்துக்கொள்வோம்: 1,00,000 எடையுள்ள சங்கிலி ஒன்று, 10,000 எடையுள்ள சங்கிலிகள் பத்து. மொத்த எடை 2,00,000. மொத்தச் சங்கிலிகள் பதினொன்று. வகுத்தால் சுமார் 18,200. இது எண்ணிக்கைச் சராசரி, அதாவது Mn. பெரியதோ சிறியதோ, ஒவ்வொரு சங்கிலிக்கும் இதில் ஒரே ஓட்டு.

இப்போது கேள்வியை மாற்றுவோம். இந்தக் கலவையில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமைத் தொட்டால், அது எந்த எடையுள்ள சங்கிலியில் இருக்கும்? பாதி வாய்ப்பு பெரிய சங்கிலி, பாதி வாய்ப்பு சிறிய சங்கிலி, ஏனென்றால் எடையில் இரண்டும் சரிபாதி. எனவே சராசரி 55,000. இது எடைச் சராசரி, Mw. இதில் சங்கிலி எவ்வளவு கனமோ அவ்வளவு ஓட்டு. Mw-ஐ Mn-ஆல் வகுத்தால் 3.03. இந்த விகிதம்தான் பரவல் எண், Đ. எல்லாச் சங்கிலிகளும் ஒரே நீளமாக இருந்தால் மட்டுமே அது 1 ஆகும். ஒன்றுக்குக் கீழே ஒருபோதும் போகாது. அறிக்கையில் அப்படி வந்தால் கணக்கு எங்கோ தவறியிருக்கிறது.

இரண்டு சராசரிக்கும் வேலை இருக்கிறது. சவ்வூடு அழுத்தம் கரைசலில் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். அதை அளந்தால் கிடைப்பது Mn. ஒளிச் சிதறல் பெரிய மூலக்கூறுகளுக்கே முன்னுரிமை தரும். அதை அளந்தால் கிடைப்பது Mw. உருகிய பாலிமரை அச்சில் தள்ளும்போது அது எவ்வளவு குழகுழவென்று எதிர்க்கிறது என்பதும் Mw-ஐத்தான் பின்பற்றுகிறது. நீளமான சங்கிலிகளில் பாகுநிலை ஏறக்குறைய Mw-இன் 3.4 அடுக்காக ஏறும். Mw இரட்டித்தால் பாகுநிலை பத்து மடங்குக்கும் மேல் போய்விடும். எந்திரத்தில் நிற்பவருக்கு இது வெறும் எண் இல்லை.

ஒரு காலத்தில் பரவலை முழுசாகப் பார்க்க வேண்டுமானால், பாலிமர் கரைசலில் கரைக்காத திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கனமான சங்கிலிகள் முதலில் வீழ்படிவாக, அடுத்தவை அடுத்ததாக, தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றையும் அளக்க வேண்டியிருந்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. 1964-இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மூர், குறுக்குப் பிணைப்புள்ள பாலிஸ்டைரீன் மணிகளில் வெவ்வேறு அளவுள்ள நுண்துளைகளை உண்டாக்கி, அவற்றைக் குழலில் அடைத்து, பாலிமர் கரைசலை அதன் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். இன்று அதையே அளவு விலக்கு குரோமட்டோகிராபி என்கிறோம். ஜெல் ஊடுருவல் குரோமட்டோகிராபி என்ற பழைய பெயரும் புழக்கத்தில் இருக்கிறது.

இதில் பெரிய சங்கிலி முதலில் வெளியே வரும், சிறியது கடைசியில். வடிகட்டியைப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். திருவிழாவில் தேர் மாட வீதியை விட்டு வேறெங்கும் திரும்ப முடியாது, நேராக வந்து நிலைக்குச் சேர்ந்துவிடும். கூட வந்த சிறுவர்கள் வழியிலுள்ள சந்து பொந்தெல்லாம் நுழைந்து திரும்பித் தாமதமாக வருவார்கள். மணிகளுக்கு இடையில் உள்ள இடைவெளிதான் வீதி, மணிகளுக்குள் உள்ள துளைகள்தான் சந்துகள். கரைசலில் சங்கிலி நீட்டி நிமிர்ந்து இருப்பதில்லை, தளர்ந்த நூல் சுருளாகச் சுருண்டிருக்கும். அந்தச் சுருள் எந்தத் துளைக்குள் நுழைய முடியும் என்பதைப் பொறுத்து அதன் வழி நீள்கிறது. ஆகவே கருவி பிரிப்பது சுருளின் பருமனை வைத்துத்தான், எடையை வைத்து அன்று. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழிமுறையிலிருந்து இரண்டு எல்லைகள் தாமாக வருகின்றன. எந்தத் துளைக்குள்ளும் நுழைய முடியாத சங்கிலிகள் எல்லாம், எவ்வளவு பெரியதாயினும், ஒரே நேரத்தில் முதலில் வந்துவிடும். எல்லாத் துளைக்குள்ளும் நுழையும் குட்டி மூலக்கூறுகளும் ஒரே நேரத்தில் கடைசியில் வரும். அந்தக் கடைசி எல்லைக்குப் பிறகும் பாலிமர் வந்துகொண்டிருந்தால், சங்கிலி மணியின் மேல் ஒட்டிக்கொண்டு தாமதிக்கிறது என்று பொருள். அப்போது அது அளவைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்த ஓட்டத்தின் மூன்று எண்களையும் குப்பையில் போடலாம்.

நம் அறிக்கையின் மாதிரிக்கு வருவோம். பாலிஸ்டைரீனை மி.லி.க்கு 2 மில்லிகிராம் வீதம் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, இரவு முழுக்க அப்படியே விட்டு, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 100 மைக்ரோலிட்டர் உட்செலுத்தியிருக்கிறார்கள். கரைசல் ஓட்டம் நிமிடத்துக்கு 1.0 மி.லி. குழலின் முடிவில் ஒளிவிலகல் உணரி. அது கரைசலின் ஒளிவிலகல் எண் தூய கரைப்பானிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்க்கிறது. அந்த வேறுபாடு அந்த நொடியில் வெளியேறும் பாலிமரின் எடைக்கு நேர்விகிதம். எனவே வளைகோட்டின் உயரம் சொல்வது எத்தனை கிராம் என்பதைத்தான். எத்தனை சங்கிலி என்பதை நாம் கணக்கிட்டு எடுக்க வேண்டும்.

எப்போது வெளிவந்தால் என்ன எடை? இதற்கு அளவுத் திட்டம் வேண்டும். மூலக்கூறு எடை ஏற்கெனவே தெரிந்த, மிகக் குறுகிய பரவலுள்ள பாலிஸ்டைரீன் தரமாதிரிகள் பத்துப் பன்னிரண்டை ஓட்டி, ஒவ்வொன்றும் எந்தக் கனஅளவில் வெளிவருகிறது என்று குறித்து, எடையின் மடக்கையோடு வரைந்தால், நடுப்பகுதியில் நேர்கோடு கிடைக்கும். நாம் எடுத்துக்கொள்ளும் கோடு இது. V என்பது மி.லி.யில் வெளியேறிய கனஅளவு:

```
log M = 10.0 − 0.35 V
```

இனி வளைகோட்டைத் துண்டு போட வேண்டும். மென்பொருள் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டும். கையால் கணக்குப் போடுவதற்காக 1 மி.லி. அகலத்தில் ஏழு துண்டுகளாக எளிமையாக்கிக்கொள்கிறேன். உயரங்களின் கூட்டுத்தொகை 100 வரும்படி வைத்திருப்பதால், அவற்றை எடைச் சதவீதமாகவே படிக்கலாம்.

| கனஅளவு (மி.லி.) | உயரம் h | எடை M |
|---|---|---|
| 12 | 2 | 6,31,000 |
| 13 | 14 | 2,82,000 |
| 14 | 35 | 1,26,000 |
| 15 | 32 | 56,200 |
| 16 | 13 | 25,100 |
| 17 | 3 | 11,200 |
| 18 | 1 | 5,010 |

ஒவ்வொரு துண்டிலும் h அளவு எடை இருக்கிறது. ஒரு சங்கிலியின் எடை M என்றால், h-ஐ M-ஆல் வகுத்தால் சங்கிலிகளின் எண்ணிக்கை கிடைக்கும். சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
Mn = Σh / Σ(h/M)
Mw = Σ(h·M) / Σh
Đ  = Mw / Mn
```

மேலே உள்ள அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். Mn 53,100, Mw 1,17,800, Đ 2.22 என்று வரும். அறிக்கையில் பார்த்த எண்கள்தான்.

இப்போது கடைசித் துண்டைக் கவனியுங்கள். எடையில் அது நூற்றில் ஒன்று. ஆனால் அதிலுள்ள சங்கிலிகள் சிறியவை என்பதால் எண்ணிக்கையில் மொத்தத்தில் ஏறக்குறைய 10.6 சதவீதம். வளைகோட்டில் அந்த இடம் அடிக்கோட்டோடு ஒட்டிக்கிடக்கும். மேட்டின் உச்சியில் 35 உயரம் இருக்கும்போது 1 உயரம் என்பது கண்ணுக்கு ஒரு சிறு தடிப்பு. கருவியின் முன் உட்கார்ந்திருப்பவர், "இங்கேயே மேடு முடிந்துவிட்டது" என்று 17.5 மி.லி.யில் கணக்கை முடித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்படி முடித்தால் Mw 1,18,900 ஆகிறது, ஒரு சதவீத மாற்றம். Mn 58,800 ஆகிவிடும், பதினொரு சதவீத ஏற்றம். Đ 2.22-இலிருந்து 2.02-க்கு இறங்கும். முடிவு எழுதுபவர் "பரவல் எண் 2, எதிர்பார்த்தபடியே" என்று மகிழ்ச்சியாக எழுதிவிடுவார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அறையின் வெப்பநிலை நகர்ந்தால் ஒளிவிலகல் உணரியின் அடிக்கோடும் மெல்லச் சாயும். அந்தச் சாய்வால் 19 மி.லி.யில் இல்லாத ஒரு துண்டு 1 உயரத்தோடு முளைத்தது என்று வையுங்கள். அங்கே M வெறும் 2,240. Mn 43,300-க்கு விழும், Đ 2.69-க்கு ஏறும். Mw 1,16,600, கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஒரே மாதிரி, ஒரே ஓட்டம், அடிக்கோட்டின் முடிவுப் புள்ளியை ஒரு மி.லி. அப்படி இப்படி நகர்த்தியதில் பரவல் எண் 2.02 முதல் 2.69 வரை போய்விட்டது.

Mw-க்கும் இதேபோல ஒரு பலவீனமான இடம் இருக்கிறது, மேட்டின் முன்முனையில். 12 மி.லி.யில் உள்ள 2 சதவீதத்தைத் தவறவிட்டால் Mw 1,07,300-க்கு இறங்கும். Mn-இல் இரண்டு சதவீதம்தான் குறையும். ஆனால் நடைமுறையில் தொல்லை அதிகம் வருவது வாலில்தான். அங்கேதான் மீந்த மோனோமர், கரைப்பானில் சேர்த்த நிலைப்படுத்தி, கரைந்த காற்று எல்லாம் அருகருகே வந்து மேடும் பள்ளமுமாக அடிக்கோட்டைக் கலைக்கும். ஆகவே இரண்டு ஆய்வகங்களின் Mw ஒத்துப்போய் Mn மட்டும் ஒத்துப்போகாவிட்டால், பாலிமரைச் சந்தேகிப்பதற்கு முன் இருவரும் அடிக்கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடித்தார்கள் என்று கேட்பதே நல்லது. முடிவுப் புள்ளிகளைக் குறித்த வளைகோட்டை ஒட்டாத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு தவறு இதைவிடக் கள்ளத்தனமானது. கருவி உண்மையில் அளப்பது நேரம். ஓட்ட வேகம் சரியாக 1.00 என்று நம்பி நேரத்தைக் கனஅளவாக மாற்றுகிறது. பம்பின் வால்வில் சிறு கசிவு, வேகம் 0.99 ஆகிவிட்டது என்று கொள்வோம். 14.5 மி.லி.யில் வர வேண்டிய உச்சி 14.65-இல் வந்ததாகப் பதிவாகும். நம் நேர்கோட்டில் அந்த 0.15 மி.லி. மடக்கையில் 0.05, அதாவது எடையில் பதினொரு சதவீதம் குறைவு. வேகத்தில் ஒரு சதவீதம், விடையில் பதினொன்று. Mn, Mw இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் Đ ஏறக்குறைய அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. அதனால்தான் மாதிரியோடு ஒரு துளி டொலுயீன் சேர்ப்பார்கள். அது சிறு மூலக்கூறு, கடைசி எல்லையில் கூர்மையான முனையாக வரும். அளவுத் திட்டம் போட்ட நாளில் அது எங்கே வந்ததோ அங்கேயே இன்றும் வருகிறதா என்று பார்த்தால் பம்பின் நேர்மை தெரிந்துவிடும். விலகியிருந்தால் அதே விகிதத்தில் மொத்த அச்சையும் திருத்திக்கொள்ளலாம்.

இனி அந்த மூன்றாவது எண் உண்மையில் எவ்வளவு சொல்கிறது? Đ-இலிருந்து ஒன்றைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், சங்கிலி எடைகளின் திட்ட விலக்கம் Mn-இல் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். நம் மாதிரிக்கு அது 1.10, அதாவது விலக்கமே சராசரியைவிடப் பெரியது. சுவாரசியம் மறுமுனையில் இருக்கிறது. உயிருள்ள அயனி முறையில் செய்த, Đ 1.05 உள்ள பாலிமரை எல்லோரும் மிகக் குறுகியது என்பார்கள். 0.05-இன் வர்க்கமூலம் 0.22. ஆக Mn 50,000 என்றால் விலக்கம் 11,000. ஒன்றுக்கு அருகில் இருக்கிறது என்பதால் சங்கிலிகள் அச்சில் வார்த்தாற்போல ஒரே நீளம் என்று நினைத்துவிடக் கூடாது. தவிரவும், குழலுக்குள் ஓடும்போது எந்த முனையும் கொஞ்சம் அகன்றுதான் வரும். இவ்வளவு குறுகிய மாதிரியில் அளந்த Đ-இல் ஒரு பகுதி கருவியே சேர்த்ததாக இருக்கும்.

Đ வடிவத்தையும் மறைத்துவிடும். அதே உயிருள்ள முறையில், வினையை நிறுத்தும்போது குடுவைக்குள் காற்று புகுந்துவிட்டால் சில சங்கிலிகள் இரண்டிரண்டாக இணைந்துவிடும். 50,000 எடையுள்ள சங்கிலிகளில் எடைக்கு 5 சதவீதம் இப்படி 1,00,000 ஆகிவிட்டது என்றால், அதனால் மட்டும் Đ-இல் கூடுவது 0.024. இரண்டு தசமத்தில் எழுதும் அறிக்கையில் இதை யார் கவனிப்பார்கள்? வளைகோட்டில் அது ஒளியாது. நம் அளவுத் திட்டத்தில் எடை இரட்டித்தால் 0.86 மி.லி. முன்னால் வரும். முதன்மை மேட்டுக்கு இடதுபுறம், சரியாக அந்தத் தூரத்தில், ஒரு சிறு தோள் நிற்கும். அதைப் பார்த்தவுடனேயே பழக்கமுள்ளவர் "காற்று புகுந்திருக்கிறது" என்பார்.

கடைசியாக, அறிக்கையின் ஒரு வரியைப் பற்றி. எண்களுக்குப் பக்கத்தில் "பாலிஸ்டைரீன் சமானம்" என்று எழுதியிருக்கிறதா? நம் மாதிரியே பாலிஸ்டைரீன் என்பதால் இங்கே பிரச்சினை இல்லை. அதே குழலில், அதே அளவுத் திட்டத்தில் வேறொரு பாலிமரை ஓட்டினால், கருவி சொல்வது அந்தச் சுருளின் பருமனுக்குச் சமமான பாலிஸ்டைரீனின் எடையைத்தான். கிளைவிட்ட பாலிமர் இதில் நன்றாகவே ஏமாற்றும். ஒரே எடையுள்ள நேர்சங்கிலியைவிட அது நெருக்கமாகச் சுருண்டிருக்கும், எனவே தாமதமாக வந்து, இருப்பதைவிட இலேசானதாகத் தெரியும்.

இதற்கு ஒரு வழியை 1967-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் பென்வா குழுவினர் காட்டினார்கள். மூலக்கூறு எடையை மட்டும் அச்சில் வைக்காமல், அதை உள்ளார்ந்த பாகுநிலையால் பெருக்கி வைத்தார்கள். அந்தப் பெருக்கற்பலன் சுருளின் பருமனைக் குறிப்பது. அப்படி வரைந்ததும் நேர்சங்கிலியும் கிளைச்சங்கிலியும் வெவ்வேறு வகைப் பாலிமர்களும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. அதனால் குழலின் முடிவில் ஒரு பாகுநிலை உணரியைச் சேர்த்தால் உண்மையான எடைக்குப் போகலாம். ஒளிச் சிதறல் உணரியைச் சேர்த்தால் அளவுத் திட்டமே இல்லாமல் எடையை நேராகப் பெறலாம். ஆனால் சிதறல் சமிக்ஞை எடை குறையக் குறைய மங்கிவிடும். வாலில் உள்ள அந்த ஒரு சதவீதத்தை அதுவும் சரியாகப் பார்ப்பதில்லை.

வடிகட்டியில் தங்கியதை எந்த உணரியும் பார்ப்பதில்லை. குறுக்குப் பிணைப்பு விழுந்து ஜெல்லாகிவிட்ட பகுதி 0.45 மைக்ரானைத் தாண்டாது. குழலுக்குள் போனதே கரைந்த பகுதி மட்டும், சராசரியும் அதற்கு மட்டும்தான். உட்செலுத்திய எடைக்கும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பிலிருந்து கணக்கிட்ட எடைக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு எண்பதாக வந்தால், மீதி இருபதை வடிகட்டியிலோ குழலின் வாயிலோதான் தேட வேண்டும்.